அத்தியாயம் 6: தறிக்காரர் புலம்பலிலிருந்து ஒரு தொழில் திட்டம்

திருத்தணி மலையடிவாரத்திலிருந்து பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். எல்லை தாண்டி ஆந்திராவின் நகரிக்குப் போனாலும் அதே சத்தம்தான். இந்த ஊர்களில் பெரும்பாலான தறிக்காரர்கள் சொந்தமாக நூல் வாங்கி நெய்வதில்லை. முதலாளி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். நடுவில் கணக்கு எழுத, நூல் நிறுத்துக் கொடுக்க, துணியை மடித்து எண்ண ஓர் ஆள் இருப்பார்.

அந்த நடு ஆளாக நாலைந்து வருடம் இருந்துவிட்டு, "நாமே ஏன் செய்யக்கூடாது" என்று நினைக்கிறவருக்குத்தான் இந்த அத்தியாயம். தறிக்காரர்கள் உங்களிடம் கொட்டிய புலம்பல் உங்களுக்கு மூலதனம் மாதிரி. ஆனால் அதை அப்படியே தொழிலாக்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். புலம்பலைக் கணக்காக மாற்றினால்தான் அது தொழிலுக்கு உதவும்.

படி 1: கேட்டதை எழுதுங்கள், கணக்குப் புத்தகத்தைத் தொடாதீர்கள்

வேலையை விட்ட வாரமே ஒரு நோட்டில் நினைவிலிருந்து எழுதுங்கள். யார் என்ன சொன்னார், எந்த மாதம், எதற்காக. கூலித்தறித் தொழிலில் நாலு புலம்பல் திரும்பத் திரும்ப வரும்:

1. "கூலி ஒன்றரை மாசம் இழுக்குதுண்ணா."
2. "பாவு வர்றதுக்குள்ள தறி ரெண்டு நாள் சும்மா நிக்குது."
3. "நூல் குறையுதுன்னு சொல்லிப் பிடிச்சுக்கிட்டாங்க."
4. "டேமேஜ்னு பிடிச்சாங்க, எந்தத் துணின்னு காட்டவே இல்ல."

இங்கே ஒரு எச்சரிக்கை. நினைவில் இருக்கும் தொழில் அறிவு உங்களுடையது. பழைய முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், கம்ப்யூட்டர் ஃபைல், வாட்ஸ்அப்பில் வந்த டிசைன் படங்கள் உங்களுடையவை அல்ல. வேலையை விட்டபின் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்போதே, அல்லது ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போட்டியாளரிடம் போவது வேறு விஷயம். செஞ்சுரி ஸ்பின்னிங் ஆலையில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த நிரஞ்சன் கோலிகாரி என்ற ஊழியர் நடுவிலேயே விலகிப் போட்டி நிறுவனத்துக்குப் போனார். 1967-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தடையை உறுதி செய்தது. எனவே சம்பளம் வாங்கிக்கொண்டே பக்கத்துத் தெருவில் சொந்தத் தறி ஓட்டாதீர்கள்.

படி 2: ஒவ்வொரு புலம்பலுக்கும் ரூபாய் போடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். நான் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தறி நாளுக்கு 30 மீட்டர் லுங்கித் துணி நெய்கிறது. கூலி மீட்டருக்கு 12 ரூபாய். ஒரு பீம் பாவில் 300 மீட்டர் துணி வரும். ஆக 10 நாளில் ஒரு பீம் முடியும், தறிக்காரருக்கு 3,600 ரூபாய் சேரும்.

முதல் புலம்பல், 45 நாள் தாமதம். அந்த 3,600 ரூபாய்க்கு அவர் வெளியில் மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினார் என்றாலும், 45 நாளுக்கு வட்டி சுமார் 160 ரூபாய்.

இரண்டாம் புலம்பல், பாவுக்காக இரண்டு நாள் தறி நிற்பது. நாளுக்கு 360 ரூபாய் கூலி, இரண்டு நாளுக்கு 720 ரூபாய். பன்னிரண்டு நாளில் இரண்டு நாள், அதாவது அவர் சம்பாதித்திருக்க வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது.

கூலித் தாமதத்தைப் பற்றி எல்லோரும் சத்தமாகப் பேசுகிறார்கள், ஏனென்றால் அதற்குக் குற்றம் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். தறி நிற்பதை "என்ன பண்றது" என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டுப் போகிறார்கள். நஷ்டமோ இரண்டாவதில்தான் நாலு மடங்குக்கு மேல். கூலியை மட்டும் சீக்கிரம் கொடுத்துவிட்டுத் தறியைக் காயப்போட்டால், மூன்றாம் மாதம் அந்தத் தறிக்காரர் பழைய முதலாளியிடமே திரும்பிவிடுவார். உங்களுக்கோ "இவ்வளவு நல்லது செய்தோமே" என்ற மனக்குறைதான் மிஞ்சும்.

*குறிப்பு:* மற்றப் புலம்பல்களையும் இதேபோல ஒரு பீமுக்கு இத்தனை ரூபாய் என்று மாற்றி, பெரிய தொகையிலிருந்து சிறிய தொகைக்கு வரிசையாக எழுதுங்கள். உங்கள் தொழில் திட்டத்தில் எதை முதலில் சரி செய்வது என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

படி 3: பழைய முதலாளி ஏன் அப்படிச் செய்தார்?

அவர் கெட்டவர் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்காதீர்கள். காரணம் தெரியாமல் அதே இடத்தில் உட்கார்ந்தால் நீங்களும் அதையேதான் செய்வீர்கள்.

தறி ஏன் நிற்கிறது? பெரும்பாலும் ஆர்டர் உறுதியான பிறகுதான் நிறம் தீர்மானித்து, நூலைச் சாயத்துக்கும் பாவு ஓட்டவும் அனுப்புகிறார்கள். நூல் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. இதற்கு மாற்று வழி, வருடம் முழுக்க விற்கும் ஒன்றிரண்டு கட்டம் போட்ட ரகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் உபரி பீம்களை எப்போதும் தயாராக வைத்திருப்பது. செலவு எவ்வளவு? 40-ஆம் நம்பர் நூலில் 2,800 இழை கொண்ட பாவுக்கு, 300 மீட்டர் துணிக்குச் சுமார் 13 கிலோ நூல் போகும். சாயம் போட்ட நூல் கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் பீமுக்கு 5,200 ரூபாய். பத்துத் தறிக்கு மூன்று உபரி பீம் என்றால் 15,600 ரூபாய் முடங்கும். வருடம் 18 சதவீத வட்டி போட்டால் 2,808 ரூபாய். பத்துத் தறி வருடத்தில் 300 நாள் ஓடினால் 90,000 மீட்டர். ஆக மீட்டருக்கு மூன்று பைசா.

மூன்று பைசாவில் தீரும் பிரச்சினைக்காகத் தறிக்காரர் ஆறில் ஒரு பங்கு வருமானத்தை இழந்துகொண்டிருந்தார். இதை உள்ளே வேலை பார்த்தவரால்தான் கண்டுபிடிக்க முடியும்.

கூலி ஏன் தாமதமாகிறது? இதற்குக் காரணம் அவ்வளவு எளிதானது அல்ல. மொத்த வியாபாரி 60 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். நூல் கடைக்குக் கடன் இல்லை, கையில் காசு. சாயம், பாவு, கஞ்சி எல்லாம் முடிய 7 நாள், நெய்ய 10 நாள், மடித்து அனுப்ப 5 நாள், அதன்பிறகு 60 நாள். நூலில் போட்ட பணம் 82 நாள் கழித்துத்தான் திரும்பும்.

படி 4: வாக்குறுதிக்கு விலை போடுங்கள்

பத்துத் தறிக்கு நாளொன்றுக்கு 25 கிலோ நூல் வேண்டும், 10,000 ரூபாய். கூலி 3,600 ரூபாய். துணி வந்த அன்றே கூலி கொடுப்பதாக வைத்துக்கொண்டால்:

1. நூலில் முடங்குவது: 82 நாள் × 10,000 = 8,20,000 ரூபாய்.
2. கூலியில் முடங்குவது: மடிக்க 5 நாள், வியாபாரி தர 60 நாள், மொத்தம் 65 நாள் × 3,600 = 2,34,000 ரூபாய்.
3. ஆகமொத்தம் 10,54,000 ரூபாய்.

கூலியை 45 நாள் தள்ளிக் கொடுத்தால் இரண்டாவது தொகை 72,000 ஆகக் குறையும். மிச்சம் 1,62,000 ரூபாய். அதற்கு 18 சதவீத வட்டி வருடத்துக்கு 29,160 ரூபாய். 90,000 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 32 பைசா. 12 ரூபாய் கூலியில் 32 பைசாவை மிச்சம் பிடிக்கத்தான் பழைய முதலாளி இத்தனை சாபத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் கணக்கின் மேல் வரியைப் பாருங்கள். பெரிய பணம் கூலியில் இல்லை, நூலில்தான் முடங்கிக் கிடக்கிறது. வியாபாரி 60 நாளுக்குப் பதில் 30 நாளில் பணம் கொடுத்தால் மொத்த முடக்கம் 10,54,000-லிருந்து 6,46,000 ரூபாயாகக் குறைகிறது. நாலு லட்சத்துக்கு மேல் மிச்சம். தறிக்காரருக்கு உடனே கூலி கொடுப்பதற்குத் தேவையான பணத்தைப் போல இது இரண்டரை மடங்கு. எனவே தறிக்காரரின் குறையைத் தீர்க்க நினைப்பவர் முதலில் போய்ப் பேச வேண்டியது தறிக்காரரிடம் அல்ல, துணி வாங்குகிறவரிடம்.

ஃபேப்இந்தியா தொடங்கிய ஜான் பிஸ்ஸெல்லின் கதை இங்கே பொருந்தும். நியூயார்க்கில் மேசிஸ் கடையில் வேலை பார்த்தவர். 1958-ல் ஃபோர்டு அறக்கட்டளை மூலம் இந்தியா வந்து, மத்திய குடிசைத் தொழில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். நெசவாளர்களின் வேலையையும் அவர்கள் சங்கடத்தையும் அந்த வேலையில்தான் நெருக்கமாகப் பார்த்தார். 1960-ல் சொந்தமாக ஆரம்பித்தபோது கடை திறக்கவில்லை. வெளிநாட்டுக்கு வீட்டு அலங்காரத் துணி ஏற்றுமதி செய்தார். பிரிட்டனின் ஹாபிடட் போன்ற நிறுவனம் தொடர்ந்து வாங்கியதால் நெசவாளருக்கும் தொடர்ந்து வேலை இருந்தது. டெல்லி கிரேட்டர் கைலாஷில் சில்லறைக் கடை வந்தது 1976-ல்தான். அவருக்கு நெசவாளர் பக்கமும் தெரியும், வாங்குகிறவர் பக்கமும் தெரியும். உங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும் என்றால் மறுபக்கத்தைக் கற்ற பிறகு பணம் போடுங்கள்.

படி 5: வாங்குகிறவரைத் தேர்ந்தெடுப்பது

பழைய முதலாளியின் பெரிய வியாபாரியிடம் போகாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. 60 நாள் கடன் என்ற பழக்கமே அவரிடமிருந்துதான் வந்தது. 30 நாளில் பணம் தரக்கூடிய சின்னக் கடைகள் ஏழெட்டு, திருவள்ளூர், அரக்கோணம், சோளிங்கர், புத்தூர் பக்கம் கிடைத்தால் போதும். விலை கொஞ்சம் குறைவாகக் கேட்பார்கள், அளவும் சிறிதாக இருக்கும். எந்த ஒரு கடையும் உங்கள் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரியால் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருடம் வரை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் நெருங்கும்போது பெரிய கடைகளே கூப்பிட்டுப் பணம் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

*கவனம்:* பதிவின்போது தொழில் வகையில் உற்பத்தி என்று குறிப்பிட்டு, ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வியாபாரம் என்று பதிந்தால் இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் தறிக்காரரும் உத்யம் பதிவு வைத்திருந்தால் இதே கெடு உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆபத்தான வியாபாரியை எப்படிக் கண்டுகொள்வது? முதல் சரக்குக்குப் பணம் தராமல் இரண்டாவதை இன்னும் பெரிதாகக் கேட்பார். துணியைப் பிரித்துப் பார்க்காமலே "ரொம்ப நல்லாயிருக்கு" என்பார். பணம் கேட்கும் வாரத்தில் மட்டும் டேமேஜ் கண்டுபிடிப்பார்.

படி 6: நூல் குறைவுச் சண்டையைக் காகிதத்தில் முடியுங்கள்

மூன்றாவது புலம்பல் தொகையில் சிறியது, மனக்கசப்பில் பெரியது. தறிக்காரரைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லும் குற்றச்சாட்டு அது. பழைய இடத்தில் தராசு பிடித்தவர் நீங்கள்தான் என்றால், அதைச் சரி செய்யும் தகுதியும் உங்களுக்கு இருக்கிறது.

ஒரு ரகத்துக்கு எவ்வளவு நூல் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். நூலின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதை நூல் நம்பரால் வகுத்து, மறுபடியும் 1.693-ஆல் வகுத்தால் கிராம் கிடைக்கும். மேலே சொன்ன லுங்கித் துணியை எடுத்துக்கொள்வோம். அகலம் 50 அங்குலம், அங்குலத்துக்கு 56 பாவு இழை, 48 ஊடை, இரண்டும் 40-ஆம் நம்பர்.

1. பாவு: 100 மீட்டர் துணிக்குச் சுருக்கம் சேர்த்து 105 மீட்டர் பாவு வேண்டும். 2,800 இழை × 105 = 2,94,000 மீட்டர். எடை சுமார் 4.34 கிலோ.
2. ஊடை: மீட்டருக்கு 1,890 ஊடை, ஒவ்வொன்றும் சுருக்கம் சேர்த்து 1.32 மீட்டர். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2,49,500 மீட்டர். எடை சுமார் 3.68 கிலோ.
3. மொத்தம் 8.02 கிலோ. சேதாரம் 3 சதவீதம் சேர்த்தால் 8.27 கிலோ.

இந்தக் கணக்கைத் தறிக்காரர் முன்னால் உட்கார்ந்து போட்டு, அட்டையில் எழுதிக் கொடுங்கள். சேதாரச் சதவீதத்தை நீங்களாக முடிவு செய்யாமல், முதல் மூன்று பீம் ஓட்டிப் பார்த்து இருவரும் பேசி வையுங்கள்.

எடை போடும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். முதலாவது கஞ்சி. கஞ்சி போட்ட பாவின் எடையில் கஞ்சியும் சேர்ந்திருக்கும். எனவே சாயம் போட்டு வந்த நூலை, பாவு ஓட்டும் முன்பே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஈரம். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; வணிகத்தில் அனுமதிக்கும் ஈரமே 8.5 சதவீதம். ஐப்பசி மழையில் காலையில் நிறுத்துக் கொடுத்த பத்துக் கிலோ நூல், வெயில் காயும் நாளில் இருநூறு, முந்நூறு கிராம் குறைந்து காட்டும். அந்தக் குறைவை ஆள் யாரும் எடுக்கவில்லை. மழைக்காலத்தில் கொடுத்து வெயிலில் வாங்கும் பீமுக்கு எடையைப் பார்த்துப் பிடித்தம் செய்யாதீர்கள். மீட்டரையும் அங்குலத்துக்கு இழைகளையும் எண்ணிப் பாருங்கள். இழை எண்ணும் பூதக்கண்ணாடி விலை அதிகமில்லை.

டேமேஜ் விஷயத்துக்கு ஒரே விதி போதும்: துணியைத் தறிக்காரர் கண்முன் விரித்து, குறை உள்ள இடத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்த பிறகுதான் பிடித்தம். இழை அறுந்ததும் ஊடை விட்டதும் அவர் பொறுப்பு. சாயம் திட்டுத்திட்டாக இருப்பதும் கஞ்சி சரியில்லாமல் இழை வெட்டுவதும் உங்கள் பொறுப்பு.

படி 7: மூன்று தறியில் ஒத்திகை

பத்துத் தறிக்கு முன்னால் மூன்று தறியில், தறிக்கு மூன்று பீம் ஓட்டிப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை மூன்றே:

1. ஒரு பீம் முடிந்து அடுத்த பீம் பிணைக்க எத்தனை மணி நேரம் தறி நின்றது? எட்டாம் நாளே அடுத்த பீம் தறிக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.
2. கூலி சொன்ன நாளில் போனதா? ஒரு நாள் தவறினாலும் எழுதி வையுங்கள்.
3. கடைகளிலிருந்து பணம் உண்மையில் எத்தனையாம் நாள் வந்தது? 30 என்று சொல்லி 50 ஆகியிருந்தால், தறி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கடையை மாற்றுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி வரும் நாட்களில் சுற்றுவட்டாரத் தறிகள் பல நிற்கும். பொங்கலுக்கும் அப்படியே. அந்த வாரங்களில் ஒத்திகை வைத்தால் கணக்கு பொய் சொல்லும்.

முன்பணம்: இங்கே கவனம் வேண்டும்

நீங்கள் நல்லவர் என்று தெரிந்ததும் தறிக்காரர் ஒருவர் வந்து கேட்பார், "பழைய இடத்துல பத்தாயிரம் முன்பணம் நிக்குது, நீங்க அடைச்சுட்டா உங்ககிட்ட வந்துடறேன்." ஒத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். அந்தக் கடனை அடைத்து, தீரும்வரை உங்களுக்குத்தான் நெய்ய வேண்டும் என்று கட்டிப்போட்டால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். கட்டுப்பாடு இல்லாத, எழுத்தில் உள்ள, கூலியில் சிறு தவணையாகக் கழியும் கடன் வேறு; வேறு இடம் போகவிடாத கடன் வேறு. முதல் வருடம் முன்பணமே கொடுக்காமல், நாள் தவறாத கூலியையும் காயாத தறியையும் மட்டும் நம்பி ஆள் சேருங்கள். அதற்காக வராதவர் உங்கள் திட்டத்துக்கு ஆனவர் அல்ல.

எல்லைக்கு அந்தப் பக்கம் தறி கொடுப்பதாக இருந்தால்

நகரியில் தறி சும்மா இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பத் தோன்றும். ஒரே மாநிலத்துக்குள் அனுப்புவதும் மாநிலம் தாண்டி அனுப்புவதும் ஒன்றல்ல. ஜிஎஸ்டி பதிவு உள்ள நீங்கள் வேறு மாநிலத்தில் இருப்பவருக்குக் கூலி வேலைக்காகச் சரக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் வேண்டும். ஒரு பீம் பாவு 5,200 ரூபாய்தானே என்ற சமாதானம் சோதனையில் எடுபடாது. டெலிவரி சலானில் கூலி வேலைக்கு என்று எழுதி, இழை எண்ணிக்கை, நீளம், நூல் நம்பர் மூன்றையும் குறிப்பிடுங்கள். அனுப்பிய நூல் துணியாக ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். சலான் எண்ணைத் தறிக்காரர் அட்டையிலும் எழுதிவிட்டால், துணி வரும்போது எந்தப் பாவு முடிந்தது, எது பாக்கி என்பது இரு பக்கமும் தெரியும். அட்டையைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.